‘குட் கிராஸ் வென்டிலேஷன், சோலார் ஹீட்டர்’: நானே எழுதிய ஒரு விளம்பரத்தைப் பற்றி

அக்கா சென்னை ஃப்ளாட்டை விற்க முடிவு பண்ணினப்போ, விளம்பரம் எழுதுற வேலை என் தலையில் விழுந்தது. "நீதான் எழுதுறவனாச்சே"ன்னு சொல்லிட்டாள். நானும் பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். அது இதுதான்:

"கிழக்கு பார்த்த 2 பிஎச்கே. முதல் மாடி. கார்னர் ஃப்ளாட். குட் கிராஸ் வென்டிலேஷன். சோலார் வாட்டர் ஹீட்டர். கரண்ட் பில் மிச்சம். கவர்டு கார் பார்க்கிங். மெட்ரோ வாட்டர், போர் இரண்டும் உண்டு. 100% வாஸ்து."

வீட்டு விளம்பரம் படிச்சுப் பழகினவங்களுக்கு இதில் புதுசா ஒண்ணும் இருக்காது. நான் யோசிச்சு எழுதினதும் கிடையாது. மத்த விளம்பரங்களில் இருந்த வரிகளை எடுத்து அடுக்கினேன், அவ்வளவுதான்.

மூணாவது நாள் ஒரு பெரியவர் போன் பண்ணினார். விலை, பார்க்கிங் எல்லாம் கேட்டு முடிச்சுட்டு, "சோலார்னு போட்டிருக்கீங்களே, காலையில சூடு வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு தண்ணி விடணும் தம்பி?" என்றார். எனக்குத் தெரியலை. "காத்து பெட்ரூம்ல வருமா, ஹால்ல மட்டுமா?" என்றார். அதுவும் தெரியலை. ஐந்து வருஷமாப் போய் வந்துகொண்டிருக்கிற வீடு. இரண்டு கேள்விக்குமே என் விளம்பரத்தில் பதில் இல்லை. அப்புறம் வேற விளம்பரங்களைத் தேடிப் பார்த்தேன். எதிலும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கெட், டேப், ஒரு கட்டு ஊதுபத்தியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே தெரிஞ்சுகிட்டதை வைத்து அந்த இரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

சோலார் ஹீட்டர் யார் வீட்டில் இருக்கிறது?

முதலில் அந்த வரியின் இலக்கணத்தைப் பாருங்கள். "சோலார் வாட்டர் ஹீட்டர்" என்று பெயர்ச்சொல் மட்டும் நிற்கிறது. பார்க்கிங் மாதிரி, மாடுலர் கிச்சன் மாதிரி, அது வீட்டுக்குள் இருக்கிற ஒரு பொருள் என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். உண்மையில் அக்கா வீட்டில் அப்படி எதுவும் கிடையாது. ஸ்டில்ட் போக நாலு மாடி, எட்டு வீடு. மொட்டை மாடியில் எட்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு 500 லிட்டர் ஹீட்டர். அக்காவுக்குச் சொந்தம் என்று சொன்னால், அதிலிருந்து இறங்கி வரும் குழாயின் கடைசி முனை மட்டும்தான்.

அந்தக் குழாய்தான் விஷயமே. ஹீட்டரிலிருந்து மொட்டை மாடியைக் கடந்து, நாலு மாடி இறங்கி, அக்கா பாத்ரூம் வரைக்கும் சுமார் 22 மீட்டர் வருகிறது. ஒரு இன்ச் குழாய். உள்விட்டம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் குழாயில் 0.38 லிட்டர் தண்ணீர் நிற்கும். 22 மீட்டருக்கு எட்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ராத்திரி முழுக்க குழாயில் நின்ற தண்ணீர் ஆறிப்போயிருக்கும். அது முழுசா வெளியே வந்தால்தான் சூடான தண்ணீர் வர ஆரம்பிக்கும். காலை ஆறு மணிக்குப் பக்கெட்டை வைத்துப் பிடித்தேன். கை பொறுக்கும் சூடு வருவதற்குள் 11 லிட்டர் போனது. கணக்கை விட அதிகமாகப் போனதற்குக் காரணம், முதலில் வரும் வெந்நீரின் சூட்டைக் குழாயே குடித்துவிடுகிறது. மேல் வீட்டுக்காரர் முன்னாடியே குளித்திருந்தால் இது குறையும். பொதுக்குழாயின் மேல்பாதி அதற்குள் சூடாகியிருக்கும்.

அக்கா அந்தத் தண்ணீரை வீணாக்குவதில்லை. பிடித்து வைத்து வீடு துடைக்கிறாள். ஆனால் குளித்து முடித்து டேப்பை மூடினதும், எட்டு லிட்டர் வெந்நீர் குழாயிலேயே தங்கி ஆறிப்போகிறது. அதைப் பிடித்து வைக்க வழியில்லை.

இதை ஒரு குளியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அளவு புரியும். தொட்டியில் தண்ணீர் 60 டிகிரி, நம்ம ஊர்ச் சாதாரணத் தண்ணீர் 27 டிகிரி, குளிக்க 40 டிகிரி போதும் என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் பக்கெட்டில் எட்டு லிட்டர் வெந்நீரும் 12 லிட்டர் பச்சைத் தண்ணீரும் கலந்தால் சரியாக இருக்கும். அதாவது முதல் மாடியில் ஒருவர் குளிக்க எட்டு லிட்டர் வெந்நீர், அவர் குளித்த பிறகு குழாயில் ஆறிப்போக இன்னொரு எட்டு லிட்டர். வீட்டில் மூணு பேரும் அடுத்தடுத்துக் குளித்தால் இந்த நஷ்டம் ஒரு தடவையோடு முடிந்தது. ஆறு மணிக்கு ஒருத்தர், எட்டு மணிக்கு ஒருத்தர் என்றால் குழாய் ஆறிவிடும், திரும்பவும் விட வேண்டும். நாலாவது மாடி வீட்டில் இதே குழாய் பத்து மீட்டர்தான். அங்கே நாலு லிட்டரோடு சரி.

ஒரே ஹீட்டர், ஒரே விளம்பர வரி. ஆனால் நாலாவது மாடிக்காரருக்கு அதன் அர்த்தம் ஒன்று, முதல் மாடிக்காரருக்கு வேறொன்று. பெரிய கட்டடங்களில் குழாயைத் திரும்ப மேலே கொண்டுபோய், சின்ன பம்ப் வைத்து வெந்நீரைச் சுற்றவிட்டு, மேலே உறையும் போட்டுவிடுவார்கள். அப்படி இருந்தால் கீழ் வீட்டிலும் உடனே சூடு வரும். அப்படிப்பட்ட இடத்தில் விளம்பரத்தில் எழுத வேண்டியது அதைத்தான். யாரும் எழுதுவதில்லை.

மிச்சம் எவ்வளவு?

"கரண்ட் பில் மிச்சம்" என்றும் எழுதியிருந்தேன். அதையும் கணக்குப் பார்த்தேன். 20 லிட்டர் தண்ணீரை 27-லிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுபோக 13 டிகிரி ஏற்ற வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல். பெருக்கினால் 1,092 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல் என்பதால், ஒரு பக்கெட் வெந்நீருக்கு 0.3 யூனிட். மூணு பேருக்கு நாளைக்கு 0.9 யூனிட். இரண்டு மாச பில்லில் 54 யூனிட்.

ஆனால் அது தினமும் வெந்நீரில் குளித்தால். சென்னையில் ஏப்ரல், மே மாசம் ஓவர்ஹெட் டேங்க் தண்ணீரே மதியம் கையைச் சுடும். அக்கா வீட்டில் வெந்நீர் தேவைப்படுவது வருஷத்துக்கு ஐந்து மாசம். அப்போ மிச்சம் வருஷத்துக்கு 135 யூனிட். அதிலும் ஒரு சிக்கல் இருக்கு. நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. வெந்நீர் வேண்டும் என்று தோன்றுகிற வாரத்தில்தான் வெயில் இருக்காது. அப்போது தொட்டிக்குள் இருக்கும் மின்கம்பி ஓடும். அந்த மின்சாரம் பொது மீட்டரில் ஏறி மெயின்டனன்ஸில் வந்து சேரும். ஜனவரியில் வானம் தெளிந்து, காலை குளிர்ந்தும் இருக்கும்போது ஹீட்டர் நல்லா வேலை செய்கிறது என்று அக்கா சொன்னாள். அது நிஜம்தான்.

தண்ணீர் 15 டிகிரியில் வருகிற மலையூரில் இதே பக்கெட்டுக்கு 25 டிகிரி ஏற்ற வேண்டும், அதுவும் வருஷம் பூரா. அங்கே இந்த ஹீட்டரின் மதிப்பு பல மடங்கு. ஊட்டியில் ஒரு வீட்டுக்கு "சோலார் ஹீட்டர் உண்டு" என்பது முதல் வரியில் வரவேண்டிய செய்தி. சென்னையில் அது கடைசி வரிக்குப் போகலாம். ஆனால் விளம்பரங்களில் ஊர் மாறினாலும் வரி மாறுவதில்லை.

மொட்டை மாடியிலும் ஏறிப் பார்த்தேன். இது கண்ணாடிக் குழாய் வகை. இரட்டைச் சுவர் உள்ள கண்ணாடிக் குழாயின் இடைவெளியில் காற்று இருக்காது. அதுதான் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. குழாயின் அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு மாதிரி பளபளவென்று தெரியும். உள்ளே காற்று புகுந்துவிட்டால் அந்தப் பூச்சு பால் வெள்ளையாக மாறிவிடும். அக்கா கட்டடத்தில் அப்படி இரண்டு குழாய் வெளுத்திருந்தது. இன்னொரு விஷயம், மேற்கே இருக்கும் ஓவர்ஹெட் டேங்கின் நிழல் மூணு மணிக்கு மேல் பாதி ஹீட்டரை மூடுகிறது. வீடு வாங்கப் போகிறவர் இந்த இரண்டையும் ஐந்து நிமிஷத்தில் தானே பார்த்துக்கொள்ளலாம்.

கிராஸ் வென்டிலேஷன்: எதிலிருந்து எதற்கு?

இரண்டாவது வரி இன்னும் மோசம். "கிராஸ்" என்றாலே ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியேறுவது. எங்கே நுழைகிறது, எந்த வழியாகப் போகிறது, எங்கே வெளியேறுகிறது என்று மூணு இடமும் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்கே அர்த்தம். நான் "குட்" என்று போட்டு முடித்துவிட்டேன்.

அக்கா வீட்டில் ஹால்தான் மூலையில் இருக்கிறது. ஹாலுக்குக் கிழக்கே பால்கனி, தெற்கே ஒரு ஜன்னல். சமையலறை ஜன்னல் வடக்கே ஓ.டி.எஸ். பக்கம் திறக்கிறது. இரண்டு படுக்கையறைக்கும் ஆளுக்கு ஒரே ஒரு ஜன்னல். மதியம் மூணு மணிக்கு ஹாலில் ஊதுபத்தி கொளுத்தினேன். புகை பால்கனியிலிருந்து படுத்த வாக்கில் சமையலறைப் பக்கம் ஓடியது. கோடையில் மதியத்துக்கு மேல் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து கடல்காற்று உள்ளே வரும் நேரம் அது. அந்த நேரத்தில், அந்த அறையில், என் விளம்பரம் பொய் சொல்லவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பெரிய படுக்கையறையில் அதையே செய்தேன். கதவு திறந்திருந்தபோது புகை மெதுவாகக் கதவுப் பக்கம் சாய்ந்தது. கதவைச் சாத்தினதும் நேரே மேலே போய் ஃபேனுக்குக் கீழே சுருண்டு நின்றது. ஜன்னல் முழுசா திறந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே வரும் காற்றுக்கு வெளியே போக வழியில்லை என்றால் அது உள்ளேயும் வராது. ஜன்னல் ஓரத்தில் கொஞ்சம் புரண்டுவிட்டுப் போகும். கார்னர் ஃப்ளாட் என்பதன் லாபம் மொத்தமும் ஹாலுக்குப் போய்விட்டது. மனுஷங்க எட்டு மணி நேரம் கதவைச் சாத்திப் படுக்கிற இடத்துக்கு அதில் பங்கு கிடையாது. பழைய வீடுகளில் அறைக் கதவுக்கு மேலேயே ஒரு வென்டிலேட்டர் வைத்திருப்பார்கள். கதவைச் சாத்தினாலும் காற்று மேலே போய்விடும். ஃப்ளாட்டில் அந்த இடத்தில் இப்போது லாஃப்ட்.

இன்னொன்று ஜன்னலின் வகை. இந்திய எரிசக்தித் திறன் பணியகம் 2018-ல் வீடுகளுக்காக ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்று ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. சென்னை மாதிரி வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த ஊருக்கு, வீட்டின் கார்பெட் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது நிஜமாகத் திறக்கக்கூடிய ஜன்னல், கதவாக இருக்கணும் என்கிறது அது. நிஜமாகத் திறக்கக்கூடிய என்பதுதான் முக்கியம். இரண்டு பலகை ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு பலகை எப்பவும் இன்னொன்றை மறைத்துக்கொண்டு நிற்பதால் அதைப் பாதியாகத்தான் எண்ணணும். கதவு மாதிரி விரியும் ஜன்னலை 90 சதவீதமாக எண்ணலாம்.

அக்கா கட்டடம் அதற்கு முந்தையது, அந்த விதி அதைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அளவுகோலாக வைத்துப் பார்த்தேன். கார்பெட் 700 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு 117 சதுர அடி. அக்கா வீட்டில் பால்கனிக் கதவு 42, ஹால் ஜன்னல் 27, படுக்கையறை ஜன்னல் இரண்டும் சேர்த்து 40, சமையலறை பத்தரை. மொத்தம் 119.5 சதுர அடி. பார்க்கப் போதுமானதாகத்தான் தெரிகிறது. ஆனால் எல்லாமே ஸ்லைடிங். பாதியாக எண்ணி, பாத்ரூம் வென்டிலேட்டர் நாலு சதுர அடியையும் சேர்த்தால் 64. அதாவது ஒன்பது சதவீதம். ராத்திரி பால்கனிக் கதவைப் பூட்டினதும் அது ஆறு சதவீதத்துக்கு இறங்கிவிடும். இதே ஓட்டைகளில் விரியும் ஜன்னலும் கதவும் இருந்திருந்தால் 112 சதுர அடி கிடைத்திருக்கும். சுவரில் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த வேண்டாம். இதற்கு மேல் கொசுவலை. அது தடுக்கிற காற்று தனி.

காற்று திசை மாறினால் வேறொரு கதை. மேற்குக் காற்று அடிக்கும் காலையில் ஊதுபத்திப் புகை சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்தது. கூடவே கீழே எந்த வீட்டிலோ வறுக்கிற கருவாட்டு வாசனையும், ஓ.டி.எஸ். வழியாக. இதுவும் கிராஸ் வென்டிலேஷன்தான்.

இரண்டில் எது பெரிசு?

இந்த இடத்தில்தான் எனக்கு ஆச்சரியம். விளம்பரத்தில் சோலார் ஹீட்டர் ஒரு கருவி, கண்ணுக்குத் தெரியும், விலை உண்டு. அதனால் அதற்கு மதிப்பு அதிகம் என்று நானும் நினைத்திருந்தேன். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். ஒரு பக்கெட் வெந்நீர் 0.3 யூனிட். படுக்கையறையில் காற்று நிஜமாகவே ஓடி, ராத்திரி ஏசி போடுவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட முடிந்தால், அது மூணு பேர் வெந்நீரில் குளிப்பதற்குச் சமம். ஏசி காலமும் வெந்நீர்க் காலத்தை விட இங்கே நீளம். சென்னையில் விலை கொடுக்க வேண்டிய வரி கிராஸ் வென்டிலேஷன்தான். அந்த வரியைத்தான் எல்லாரும் சும்மா போடுகிறோம். படிக்கிறவரும் சும்மாவே தாண்டிப் போகிறார்.

பில்டர் புதுத் திட்டத்துக்கு இப்படி எழுதினால் அவரைக் கேட்க ஒரு சட்டமாவது இருக்கு. 2016-ம் வருஷத்து ரெரா சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, விளம்பரத்தில் சொன்ன தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் ஈடு தரணும். வாங்குகிறவர் விலக விரும்பினால் பணத்தை வட்டியோடு திருப்பித் தரணும். ஆனால் "குட்" என்ற சொல்லைப் பொய் என்று எப்படி நிரூபிப்பது? அளவு சொன்ன வரியைத்தான் தவறு என்று காட்ட முடியும். அளவே சொல்லாத வரி அதனால்தான் எழுதுகிறவருக்குப் பாதுகாப்பு. அக்கா மாதிரி தன் பழைய வீட்டை விற்கிறவருக்கு அந்தப் பிரிவும் பொருந்தாது. அங்கே எழுதுகிறவன் மனசாட்சிதான்.

திருப்பி எழுதினேன்:

"முதல் மாடி, கார்பெட் 700 சதுர அடி. ஹாலுக்குக் கிழக்கே பால்கனி, தெற்கே ஜன்னல்; கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஹால் வழியாகச் சமையலறைக்குப் போகும். படுக்கையறைகளுக்கு ஒரு ஜன்னல்தான், கதவு திறந்திருந்தால் காற்று ஓடும். ஜன்னல்கள் ஸ்லைடிங். மொட்டை மாடியில் 8 வீட்டுக்கும் பொதுவான 500 லிட்டர் சோலார் ஹீட்டர். காலையில் முதல் ஆளுக்கு அரை பக்கெட் விட்ட பிறகு சூடு வரும். மழைக்காலத்துக்கு பாத்ரூமில் கீசர் பாயிண்ட் தனியாக உண்டு."

படித்துவிட்டு அக்கா, "இப்படி எழுதினா எவன்டா வருவான்? குறையெல்லாம் நீயே சொல்லிட்டா அவன் விலையைக் குறைக்க மாட்டானா?" என்றாள். நியாயமான பயம். அந்தப் பணத்தில்தான் அவளுக்கு அடுத்த வீடு. இரண்டு நாள் பேசி, வாஸ்து வரியை மட்டும் திரும்பச் சேர்த்துப் போட்டோம்.

போன் குறைந்தது. முதல் விளம்பரத்துக்கு வந்த அளவில் பாதி கூட வரலை. வந்தவர்கள் ஆனால் நேரா விஷயத்துக்கு வந்தார்கள். அந்தப் பெரியவருக்கு நானே போன் பண்ணி 11 லிட்டர் என்று சொன்னேன். "எங்க வாடகை வீட்டுல ஒரு பக்கெட் போகுது தம்பி, இது பரவாயில்ல" என்றார். மூணு மணிக்கு வந்து ஹாலில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் படுக்கையறைக்குப் போய்த் தானே கதவைச் சாத்திப் பார்த்தார். அந்த இரண்டு ஜன்னலையும் விரியும் ஜன்னலாக மாற்ற ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொன்னார். பாதிக்கு அக்கா ஒத்துக்கொண்டாள்.

வாஸ்து பற்றி அவர் ஒண்ணும் கேட்கலை.